முற்றுரிமைக் கணக்கில் உற்பத்தி மைனஸில் வந்தால்: இரண்டாம் நிபந்தனையும் மூலைத் தீர்வும்

முற்றுரிமையாளரின் லாபத்தைப் பெருமமாக்கச் சொல்லும் கணக்கு. இறுதிநிலை வருவாயையும் இறுதிநிலைச் செலவையும் சமன் செய்கிறோம்; உற்பத்தி அளவு Q = −3 என்று வருகிறது. இந்த இடத்தில் சிலர் எங்கோ கணக்கு தப்பிவிட்டது என்று நினைத்து முதலிலிருந்து போடுவார்கள். மற்றவர்கள் "மைனஸில் உற்பத்தி செய்ய முடியாது, ஆகவே Q = 0" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். இந்தக் குறுக்குவழி பல நேரம் சரியான விடையைத் தந்துவிடுவதால், அது எங்கே கவிழ்க்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. ஒரு கணக்கில் Q = −3 என்றால் ஆலையைத் திறக்காதே என்று பொருள். இன்னொரு கணக்கில் அதே Q = −3 ஆலையை முழுத்திறனில் ஓட்டு என்று சொல்லும். எது எது என்று பிரித்துக் காட்டுவது இரண்டாம் வகைக்கெழுவின் குறி.

கீழே உள்ள எண்கள் எல்லாம் கையால் சரிபார்க்க வசதியாக நானே போட்டவை. P விலை, C மொத்தச் செலவு, π லாபம். ஒரு தாளை எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள்.

## தொடங்கும் முன் எல்லையை எழுதுங்கள்

வகைக்கெழு எடுப்பதற்கு முன்பே ஒரு வரி எழுதிவிட வேண்டும்: Q எங்கிருந்து எங்கே வரை போகலாம்? கீழ் எல்லை 0. மேல் எல்லையைப் பலர் எழுதுவதே இல்லை. ஆலையின் உற்பத்தித் திறன் கொடுக்கப்பட்டிருந்தால் அதுதான் மேல் எல்லை. கொடுக்கப்படாவிட்டாலும் இரண்டு எல்லைகள் தாமாகவே இருக்கின்றன. விலை பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது. இறுதிநிலைச் செலவும் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது. இரண்டாவது ஏன் முக்கியம் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

முதல் வகைக்கெழுவைப் பூஜ்யமாக்கும் விதிக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. அது முழு எண்கோட்டிலும் சமதளமான இடத்தைத் தேடுகிறது. நமக்கு வேண்டிய துண்டுக்கு வெளியே அப்படி ஓர் இடம் இருந்தால் அதையும் எடுத்துக் கொடுத்துவிடும்.

## பூஜ்யமே விடையாகும் கணக்கு

```
P = 40 − 2Q
C = 30 + 52Q
π = (40 − 2Q)Q − 30 − 52Q = −12Q − 2Q² − 30
π' = −12 − 4Q = 0   →   Q = −3
π'' = −4
```

இரண்டாம் வகைக்கெழு எல்லா இடத்திலும் −4. லாபக் கோடு கவிழ்த்து வைத்த கிண்ணம் போல இருக்கிறது; அதன் உச்சி −3-இல், அதாவது நமக்கு எட்டாத இடப்பக்கத்தில். உச்சியைத் தாண்டி வலப்பக்கம் போகப் போக இறக்கம்தான். ஆகவே Q ≥ 0 என்ற துண்டில் மிக உயரமான இடம் அதன் இடது ஓரம், Q = 0. இதைத்தான் மூலைத் தீர்வு என்கிறோம்.

இதை உறுதி செய்ய உச்சி எங்கே என்றுகூடத் தெரிய வேண்டாம். Q = 0-இல் முதல் வகைக்கெழுவைப் பாருங்கள்: π'(0) = −12. முதல் அலகைச் செய்தாலே சுமார் 12 ரூபாய் நட்டம், அடுத்தது அதைவிட மோசம். பொருளியலில் சொன்னால், இந்தப் பொருளுக்கு எந்த வாங்குபவரும் 40 ரூபாய்க்கு மேல் தரத் தயாராக இல்லை. ஓர் அலகு செய்யவே 52 ரூபாய் ஆகிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

வியப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. Q = −3 என்பதை லாபச் சார்பில் போட்டால் 36 − 18 − 30 = −12 வருகிறது. Q = 0 போட்டால் −30. எண்களை மட்டும் ஒப்பிட்டால் −3 தான் மேல்! அது எப்படி? மூன்று அலகுகளை 46 ரூபாய்க்கு "வாங்கி", ஒவ்வொன்றுக்கும் 52 ரூபாய்ச் செலவைத் "திரும்பப் பெறுவதாக" சமன்பாடு நினைத்துக்கொள்கிறது. அப்படி ஒரு வியாபாரம் உலகில் கிடையாது. ஆகவே எல்லைக்கு வெளியே உள்ள விடையின் லாபத்தை எல்லைக்குள் உள்ள விடையோடு ஒப்பிடவே கூடாது. அதை முதலிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும்.

இதே கணக்கை விலையை மாறியாக வைத்துப் போட்டால் பிழை இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். Q = 20 − P/2 என்று மாற்றி, (P − 52)(20 − P/2) என்பதை வகையிட்டால் P = 46 வருகிறது. 46 ரூபாய் என்பது பார்க்க நல்ல விலை. மைனஸ் எங்கேயும் இல்லை. அதை அப்படியே விடையாக எழுதிவிட்டுப் போவது மிக எளிது. ஆனால் தேவைச் சார்பில் போட்டுப் பார்த்தால் Q = 20 − 23 = −3. விலையில் போடும் கணக்கில் கடைசியாக Q-வைக் கண்டுபிடித்துப் பார்ப்பது கட்டாயம் என்பது இதனால்தான். இன்னொரு சின்ன விஷயம்: மூலைத் தீர்வில் Q = 0 ஒன்றுதான் உறுதி. விலை 40-ஆக இருந்தாலும் 400-ஆக இருந்தாலும் ஒரு அலகும் விற்காது. ஆகவே "P = 40" என்று ஒரே விலையை எழுதாமல் "P ≥ 40" என்று எழுதுவதுதான் சரி.

சரி, Q = 0 என்றால் லாபம் எவ்வளவு? அந்த 30 எந்த வகைச் செலவு என்பதைப் பொறுத்தது. ஏற்கெனவே செலவாகிவிட்டது, அல்லது ஒப்பந்தப்படி எப்படியும் கட்ட வேண்டிய வாடகை என்றால் −30. மூடினால் மிச்சமாகும் என்றால் 0. கேள்வி இதைச் சொல்லாவிட்டால் இரண்டையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

## அதே −3, நேர் எதிரான விடை

இப்போது இறுதிநிலைச் செலவு உற்பத்தியோடு சேர்ந்து இறங்கும் ஒரு நிறுவனம்.

```
P = 50 − Q
C = 20 + 44Q − 2Q²
π = 6Q + Q² − 20
π' = 6 + 2Q = 0   →   Q = −3
π'' = +2
```

விடை மறுபடியும் −3. ஆனால் குறி மாறிவிட்டது. கிண்ணம் இப்போது நிமிர்ந்து இருக்கிறது. −3 என்பது அதன் அடிமட்டம். அங்கிருந்து வலப்பக்கம் முழுக்க ஏற்றம்தான். Q = 0-இல் லாபம் −20; Q = 5-இல் 30 + 25 − 20 = 35; Q = 10-இல் 140. "மைனஸ் வந்தது, ஆகவே பூஜ்யம்" என்று எழுதியவர் நல்ல லாபம் தரும் ஆலையை மூடிவிட்டார்.

Q = 0-இல் வகைக்கெழுவைப் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும்: π'(0) = +6. முதல் அலகிலேயே வருவாய் செலவைவிட அதிகம். அப்படி இருக்கும்போது பூஜ்யம் விடையாகவே முடியாது.

வரைபடத்தில் பார்த்தால் காரணம் இன்னும் தெளிவு. இறுதிநிலை வருவாய் 50 − 2Q, இறுதிநிலைச் செலவு 44 − 4Q. இரண்டும் இறங்குகின்றன, ஆனால் செலவுக் கோடு இரண்டு மடங்கு வேகமாக இறங்குகிறது. Q = 0-இல் இருந்த 6 ரூபாய் இடைவெளி போகப் போக விரிகிறது. அவை சந்திக்க வேண்டுமென்றால் கோடுகளைப் பின்னோக்கி, செங்குத்து அச்சைத் தாண்டி இழுக்க வேண்டும். இரண்டாம் நிபந்தனை கேட்பது இவ்வளவுதான்: சந்திக்கும் இடத்தில் இறுதிநிலை வருவாயின் சரிவு இறுதிநிலைச் செலவின் சரிவைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இங்கே −2, −4-ஐவிடப் பெரியது, நிபந்தனை தோற்றது. ஒன்றைக் கவனியுங்கள்: இறுதிநிலைச் செலவு இறங்குகிறது என்பதாலேயே நிபந்தனை தோற்காது. செலவின் சரிவு −1-ஆக இருந்திருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. வருவாயைவிட வேகமாக இறங்கினால்தான் வம்பு.

அப்புறம் எவ்வளவு உற்பத்தி செய்வது? லாபம் ஏறிக்கொண்டே போகிறது என்பதால் "எல்லையற்ற உற்பத்தி" என்று எழுதினால் அதுவும் தவறு. இங்கேதான் மேல் எல்லை வேலைக்கு வருகிறது. இறுதிநிலைச் செலவு 44 − 4Q, Q = 11-இல் பூஜ்யமாகிறது. 11 அலகுக்கு மொத்தச் செலவு 262. 12 அலகுக்கு 260. பன்னிரண்டு செய்வது பதினொன்று செய்வதைவிட மலிவு என்று எந்த ஆலையிலும் நடக்காது. அதாவது இந்தச் செலவுச் சார்பு 11-ஐத் தாண்டி செல்லாக்காசு. ஆலையின் திறன் 10 என்று கொடுக்கப்பட்டிருந்தால் விடை Q = 10, P = 40, லாபம் 140. திறன் கொடுக்கப்படவில்லை என்றால், "0 ≤ Q ≤ 11 என்ற வரம்புக்குள் Q = 11, லாபம் 167; அதற்கு மேல் இந்தச் செலவுச் சார்பு பொருந்தாது" என்று எழுதலாம். பாடப்பயிற்சிகளில் இப்படி வந்தால், என் அனுபவத்தில், பாதிக்கு மேல் கேள்வியில் Q²-இன் குறி தவறாக அச்சாகியிருக்கும். ஆனாலும் கொடுத்த கேள்விக்கு முறையாக விடை எழுதிவிட்டு, பிறகு சந்தேகத்தைக் குறிப்பிடுவதே நல்லது.

Q = 10-இலும் ஒரு மூலைத் தீர்வுதான் இருக்கிறது; இது வலது மூலை. அங்கே π'(10) = 26. இந்த 26-க்குப் பயன் உண்டு: ஆலையின் திறனை ஓர் அலகு கூட்டினால் லாபம் சுமார் அவ்வளவு கூடும். விரிவாக்கத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று கேட்டால் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நிமிர்ந்த கிண்ணத்தில் விடை பிளஸில் வந்தாலும் ஆபத்துதான். 44-ஐ 56 என்று மாற்றுங்கள். லாபம் Q² − 6Q − 20 ஆகிறது, முதல் நிபந்தனை Q = +3 என்கிறது. பார்க்க ஒழுங்கான விடை. ஆனால் அது இருப்பதிலேயே மோசமான அளவு. அங்கே லாபம் −29, ஒன்றும் செய்யாமல் இருந்தாலே −20. இதில் இரு மூலைகளையும் எண் போட்டுத்தான் ஒப்பிட வேண்டும்: திறன் 5 என்றால் லாபம் −25, ஆகவே பூஜ்யம் மேல்; திறன் 10 என்றால் லாபம் 20, ஆகவே முழுத்திறன் மேல். திறன் 6-ஆக இருக்கும்போது இரண்டும் சமம்.

## முப்படிச் செலவு: இரண்டு விடைகள் வரும்போது

செலவில் Q³ வந்தால் முதல் நிபந்தனை இருபடிச் சமன்பாடாகிவிடும். இரண்டு மூலங்கள் கிடைக்கும். P = 60 − Q, C = Q³ − 7Q² + 24Q + 50 என்று எடுத்துக்கொள்வோம்.

```
π' = −3Q² + 12Q + 36 = −3(Q + 2)(Q − 6)
π'' = −6Q + 12
```

−2, 6 என இரண்டு மூலங்கள். π''(−2) = +24, சிறுமம்; π''(6) = −24, பெருமம். −2 எல்லைக்கு வெளியே இருப்பதால் அடித்துவிடலாம். அது சிறுமமாக இருப்பதும் நமக்கு நல்ல செய்தி: 0-இலிருந்து 6 வரை லாபம் ஏறுமுகம் என்பது உறுதியாகிறது. லாபம் 216 − 50 = 166. இதுவரை சுலபம்.

இப்போது அதே ஆலை, ஆனால் தேவை விழுந்துவிட்டது: P = 12.75 − Q.

```
π' = −3Q² + 12Q − 11.25 = −3(Q − 1.5)(Q − 2.5)
π''(1.5) = +3,   π''(2.5) = −3
```

இரண்டு மூலங்களும் பிளஸில். 2.5-இல் இரண்டாம் நிபந்தனையும் நிறைவேறுகிறது. பாடப்புத்தக முறைப்படி Q = 2.5 என்று எழுதி முடித்துவிடத் தோன்றும். ஆனால் மாறாச் செலவான 50-ஐ ஒதுக்கிவிட்டு 2.5-இல் லாபத்தைக் கணக்கிட்டால் −15.625 + 37.5 − 28.125 = −6.25. பூஜ்யத்தில் அது 0. அதாவது Q = 2.5 என்பது பக்கத்து இடங்களைவிட உயரம்தான், மூலையைவிடத் தாழ்வு. விலை 10.25, சராசரி மாறும் செலவு 12.75, விற்கும் ஒவ்வோர் அலகிலும் 2.50 நட்டம். சரியான விடை Q = 0.

முந்தைய கணக்குகளில் இந்தச் சிக்கல் ஏன் வரவில்லை? முதல் கணக்கில் π'' எல்லா Q-வுக்கும் மைனஸ். அப்படி இருந்தால் ஒரே உச்சிதான் இருக்க முடியும். பக்கத்தில் பெருமமா என்று பார்த்தாலே முழுத் துண்டுக்கும் பார்த்ததாகிவிடும். இங்கே π'' குறி மாறுகிறது: Q = 2-க்கு முன் பிளஸ், பின் மைனஸ். இரண்டாம் நிபந்தனை ஒரு புள்ளியின் அக்கம்பக்கத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது. ஆகவே π''-இல் Q மிச்சம் இருந்தால், மூலைகளின் லாபத்தையும் கட்டாயம் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். இங்கே அடையாளம் முன்பே தெரிந்தது: π'(0) = −11.25. பூஜ்யத்திலேயே இறக்கம் தொடங்கினால் பூஜ்யமும் ஒரு போட்டியாளர்தான்.

## இரண்டு சந்தைகள்: எல்லோரும் தவறும் இடம்

ஒரு தடுப்பூசிக்குக் காப்புரிமை வைத்திருக்கும் நிறுவனம் ஒரே ஆலையில் தயாரித்து இரண்டு நாடுகளில் வெவ்வேறு விலைக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட்டில் வாங்கி இன்னொன்றில் விற்க முடியாது. Q லட்சம் டோஸ், விலை ரூபாயில், செலவு லட்சம் ரூபாயில். ஆலையை அதிக நேரம் ஓட்ட ஓட்டக் கூடுதல் டோஸின் செலவு ஏறுகிறது.

```
P1 = 100 − Q1
P2 = 20 − Q2
C  = 20 + (Q1 + Q2)²

100 − 2Q1 = 2(Q1 + Q2)
 20 − 2Q2 = 2(Q1 + Q2)
→  Q1 = 30,  Q2 = −10
```

முதலில் இரண்டாம் நிபந்தனை. இரண்டு மாறிகள் இருப்பதால் இரண்டாம் வகைக்கெழுக்களை அடுக்கிய ஹெசியன் அணி வேண்டும். மூலைவிட்ட உறுப்புகள் −4, −4. மற்ற இரண்டும் −2. முதல் உறுப்பு மைனஸ்; அணிக்கோவை 16 − 4 = 12, பிளஸ். ஆகவே லாபம் எங்கும் கவிழ்த்த வடிவம்தான். இரண்டாம் நாட்டில் விற்பனை பூஜ்யம் என்பதும் சரி.

இங்கே வரும் வழக்கமான தவறு: Q2-வை மட்டும் பூஜ்யமாக்கிவிட்டு, Q1 = 30 என்பதை அப்படியே விட்டுவிடுவது. அந்த 30 வந்ததே மொத்த உற்பத்தி 20 என்ற நினைப்பில். இரண்டாம் நாட்டின் −10, மொத்தத்தைக் குறைத்து இறுதிநிலைச் செலவை 40-இல் பிடித்து வைத்திருந்தது. −10-ஐ எடுத்துவிட்டால் மொத்தம் 30, இறுதிநிலைச் செலவு 60. ஆனால் முதல் நாட்டில் இறுதிநிலை வருவாய் 40 மட்டுமே. கடைசி டோஸ் ஒவ்வொன்றிலும் நட்டம். ஆகவே Q2 = 0 என்று பொருத்திவிட்டு, Q1-ஐப் புதிதாகத் தீர்க்க வேண்டும்:

```
100 − 2Q1 = 2Q1   →   Q1 = 25,  P1 = 75
π = 1875 − 625 − 20 = 1230
```

Q1 = 30-ஐ விட்டு வைத்தவரின் லாபம் 2100 − 900 − 20 = 1180. ஐம்பது லட்சம் ரூபாய் போச்சு. இறுதிநிலைச் செலவு மாறாத எண்ணாக இருந்தால் மட்டும் இந்தத் தவறு தப்பித்துக்கொள்ளும். அப்போது ஒரு சந்தை இன்னொன்றைத் தொடாது. வகுப்பில் முதலில் போடும் கணக்குகள் அப்படியே இருப்பதால்தான் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது என்பது என் எண்ணம்.

புதிய விடையை இன்னும் ஒருமுறை சோதிக்க வேண்டும். மூடிய சந்தை உண்மையிலேயே மூடியே இருக்க வேண்டுமா? Q1 = 25, Q2 = 0 என்ற இடத்தில் Q2 சார்ந்த வகைக்கெழு 20 − 50 = −30. மைனஸ், ஆகவே அங்கே முதல் டோஸை அனுப்பினாலும் நட்டம்தான். இது பிளஸில் வந்திருந்தால் தவறான சந்தையை மூடிவிட்டோம் என்று பொருள். இந்தச் சோதனையைத்தான் குன்–டக்கர் நிபந்தனைகள் சுருக்கமாகச் சொல்கின்றன: ஒவ்வொரு சந்தைக்கும் Q ≥ 0, வகைக்கெழு ≤ 0, இரண்டின் பெருக்கல் = 0. குன், டக்கர் இருவரும் இதை வெளியிட்டது 1951-இல். 1939-லேயே கருஷ் என்பவர் தன் முதுகலை ஆய்வேட்டில் இதை எழுதியிருந்தார் என்பது பின்னால்தான் பரவலாகத் தெரிந்தது. அதனால் மூன்று பெயரும் சேர்ந்து வருவதையும் பார்ப்பீர்கள்.

அந்த −30-க்குப் பின்னால் ஒரு பொருளியல் செய்தி இருக்கிறது. இரண்டாம் நாட்டில் வாங்குபவர் தரக்கூடிய உச்ச விலை 20-க்குப் பதில் 45 என்று வைத்துக்கொண்டாலும் நிறுவனம் அங்கே போகாது. 50-ஐத் தாண்டினால்தான் போகும். ஆனால் 25 லட்சம் டோஸுக்குச் சராசரிச் செலவு 645/25 = 25.80 ரூபாய்தான். "25 ரூபாய் சொச்சத்துக்குத் தயாராகும் மருந்துக்கு 45 ரூபாய் தருகிறோம் என்றாலும் விற்க மாட்டேன் என்கிறானே" என்று கேட்கத் தோன்றும். நிறுவனம் பார்ப்பது சராசரியை இல்லை. அடுத்த டோஸைச் செய்ய ஆகும் 50 ரூபாயை. மூலைத் தீர்வைச் சராசரிச் செலவோடு ஒப்பிட்டு நியாயப்படுத்தப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

## தனித்தனியே தேறி, சேர்ந்து தோற்பது

இரண்டு சந்தைக் கணக்கில் அணிக்கோவையைப் பார்க்காமல் மூலைவிட்ட உறுப்புகளை மட்டும் பார்த்து விட்டுவிடுவோரும் உண்டு. அதன் விளைவு இது:

```
P1 = 100 − Q1,   P2 = 80 − Q2
C  = 60Q − 0.6Q²,   Q = Q1 + Q2
முதல் நிபந்தனை:  Q1 = −70,  Q2 = −80
```

இரண்டுமே மைனஸ். "இரண்டு சந்தையையும் மூடு" என்று எழுதலாமா? பூஜ்யத்தில் பாருங்கள்: முதல் சந்தையில் 100 − 60 = +40, இரண்டாவதில் +20. இரண்டிலும் முதல் அலகே லாபம். மூலைவிட்ட உறுப்புகள் −2 + 1.2 = −0.8, இரண்டும் மைனஸ்தான், தனித்தனியே பார்த்தால் நிபந்தனை தேறுகிறது. மற்ற உறுப்புகள் 1.2. அணிக்கோவை 0.64 − 1.44 = −0.8. தோற்றது, அந்தப் புள்ளி பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை, சேணப் புள்ளி.

ஒவ்வொரு சந்தையிலும் இறுதிநிலை வருவாய் −2 சரிவில் இறங்குகிறது, செலவு −1.2 சரிவில். தனியே பார்த்தால் வருவாய்தான் வேகமாக இறங்குகிறது. ஆனால் கூடுதல் உற்பத்தியை இரண்டு சந்தைக்கும் பிரித்துப் போட்டால் மொத்த இறுதிநிலை வருவாய் −1 சரிவில் மட்டுமே இறங்கும். இப்போது செலவு முந்திவிட்டது. ஆகவே விடை வலது மூலையில், உற்பத்தித் திறனில் இருக்கிறது. இறுதிநிலைச் செலவு Q = 50 வரைதான் பூஜ்யத்துக்கு மேல்; திறன் 40 என்று கொள்வோம். Q1 + Q2 = 40 என்ற கட்டுப்பாட்டோடு இரு சந்தைகளின் இறுதிநிலை வருவாயையும் சமன் செய்தால் 100 − 2Q1 = 80 − 2Q2, அதாவது Q1 = 25, Q2 = 15. இரண்டிலும் இறுதிநிலை வருவாய் 50, இறுதிநிலைச் செலவு 12. வருவாய் 1875 + 975 = 2850, செலவு 1440, லாபம் 1410. இரண்டையும் மூடியவருக்குக் கிடைத்தது பூஜ்யம்.

கையால் போட்ட விடையில் சந்தேகம் இருந்தால், அனுமதிக்கப்பட்ட எல்லா Q-வையும் போட்டுப் பார்த்துவிடலாம். தடுப்பூசிக் கணக்குக்கு:

```python
print(max(((100-a)*a + (20-b)*b - (a+b)**2 - 20, a, b)
          for a in range(51) for b in range(21)))
```

`(1230, 25, 0)` என்று வரும். இது முழு எண்களை மட்டுமே சோதிக்கிறது, 2.5 போன்ற விடை உள்ள கணக்குக்கு இடைவெளியைச் சிறிதாக்க வேண்டும். `range`-இன் எல்லைகளை நீங்கள்தான் கொடுக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். விடை அந்த மேல் எல்லையிலேயே வந்து நின்றால், அது ஆலையின் உண்மையான திறனா அல்லது நீங்கள் போகிற போக்கில் போட்ட எண்ணா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.